புரமோட்டர் அடமானம் ஏறுகிறதா? மொரீஷியஸில் இருந்து இந்தியப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியச் சந்தை திறக்கும் 9.15 மணி நமக்குக் காலை 7.45. ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி, உட்கார இடம் கிடைத்து, போனைத் திறக்கும் நேரம். போன வருடம் பிப்ரவரியில் மூன்று காலை அப்படித் திறந்து பார்த்தேன். என்னிடம் இருந்த பங்கின் விலைப்பட்டியலில் விற்பவர்கள் பக்கம் லட்சக்கணக்கில் பங்குகள் நின்றன. வாங்குவோர் பக்கம் ஐந்து வரிசையும் பூஜ்யம். லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய வரம்பைத் தொட்டுப் பூட்டு விழுந்துவிட்டது. விற்க நினைத்தாலும் எடுக்க ஆள் இல்லை. நான்காம் நாள் பூட்டு திறந்ததும் 92 ரூபாய்க்கு விற்றேன். அதற்கு முந்தைய மாதம்தான், "புரமோட்டர் அடமானம் குறைந்துவிட்டது" என்று நம்பி 150 ரூபாயில் இன்னும் 400 பங்கு வாங்கியிருந்தேன்.

அந்த அடமானம் குறையவே இல்லை. நான் படித்த எண் சரிதான், படித்த விதம் தவறு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எண்களைச் சுலபமாக்கி, அதையே உதாரணமாக வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். என்ஆர்ஐ ஆகவோ ஓசிஐ அட்டையோடோ இங்கிருந்து இந்தியப் பங்கு வாங்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: டெலிவரி எடுத்துத்தான் விற்க வேண்டும், வாங்கிய அன்றே விற்க முடியாது. அதனால் வெளியேறும் வழியை முன்கூட்டியே பார்த்து வைப்பது நமக்கு இன்னும் அவசியம்.

1. முதலில் எந்தச் சதவீதம் என்று பாருங்கள்

புரமோட்டர் என்பவர் நிறுவனத்தைத் தொடங்கி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர். அவர் தன் பங்குகளை வைத்துக் கடன் வாங்குவது நாம் நகையை அடகு வைப்பது போலத்தான். பங்கு அவர் டீமேட் கணக்கிலேயே இருக்கும், ஓட்டுரிமையும் அவரிடமே இருக்கும், ஆனால் விற்க முடியாது. ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. அடகுக்கடைக்காரர் உங்கள் சங்கிலியை ஏலம் போட்டால் ஊரில் தங்கம் விலை இறங்காது. கடன் கொடுத்தவர் புரமோட்டரின் பங்கைச் சந்தையில் விற்றால், அந்த விற்பனையே விலையை இறக்கும். இறங்கிய விலை, மீதமுள்ள அடமானத்தின் மதிப்பையும் குறைக்கும். வெளியில் இருக்கும் நமக்கு ஆபத்து இங்கேதான்.

அடமானத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். "புரமோட்டர் வைத்திருப்பதில் இத்தனை சதவீதம்" என்பது ஒன்று, "நிறுவனத்தின் மொத்தப் பங்கில் இத்தனை சதவீதம்" என்பது இன்னொன்று. என் நிறுவனத்தில் மொத்தம் 10 கோடிப் பங்கு. புரமோட்டர் கையில் 5.20 கோடி, அதாவது 52%. அதில் 1.04 கோடி அடமானம். முதல் கணக்கில் இது 20%, இரண்டாவதில் 10.4%. நிறுவனத்தின் அறிக்கையில் 10.4 என்றும் பங்கு ஆப்பில் 20 என்றும் வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. 20 என்ற எண் புரமோட்டர் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார் என்று சொல்லும். 10.4 என்ற எண், விற்க நேர்ந்தால் சந்தை எவ்வளவு சரக்கைத் தாங்க வேண்டியிருக்கும் என்று சொல்லும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நான்கு காலாண்டின் எண்ணிக்கையை எழுதுங்கள், சதவீதத்தை அல்ல

இதற்கான ஆவணம் பங்குதாரர் விவரப் பட்டியல், அதாவது ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன். ஒவ்வொரு காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் நிறுவனம் இதைத் தாக்கல் செய்ய வேண்டும். பிஎஸ்இ, என்எஸ்இ இரண்டு தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். புரமோட்டர் பகுதியில், அடமானம் வைத்த பங்குகளின் எண்ணிக்கை வலது ஓரத்துக் கட்டங்களில் இருக்கும். போனில் பார்த்தால் அந்தக் கட்டம் திரைக்கு வெளியே போய்விடும், வலப்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். என்எஸ்இ தளத்தில் `Pledged Data` என்று தனியாக ஒரு பக்கமும் உண்டு.

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: புரமோட்டர் வைத்திருக்கும் பங்கு, அடமானப் பங்கு, அன்றைய விலை. என் தாள் இப்படி இருந்தது:

மார்ச்: 5.20 கோடி, 1.04 கோடி, 400 ரூபாய்.
ஜூன்: 5.20 கோடி, 1.30 கோடி, 320 ரூபாய்.
செப்டம்பர்: 5.20 கோடி, 3.12 கோடி, 260 ரூபாய்.
டிசம்பர்: 3.90 கோடி, 1.82 கோடி, 150 ரூபாய்.

உண்மையில் இந்தத் தாளை நான் எழுதியது பணம் போன பிறகு. முன்னால் நான் பார்த்தது ஆப்பில் வந்த நான்கு சதவீதங்களை மட்டும்தான்: 20, 25, 60, 46.7. அந்தக் கடைசி இறக்கம்தான் என்னை ஏமாற்றியது. அதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

3. ஏறியது பழைய கடனுக்கா, புதிய கடனுக்கா?

அடமானப் பங்கை அன்றைய விலையால் பெருக்குங்கள். மார்ச்சில் 1.04 கோடியை 400ஆல் பெருக்கினால் 416 கோடி ரூபாய். ஜூனில் 1.30 கோடியை 320ஆல் பெருக்கினாலும் அதே 416 கோடி. அடமானம் 20%இல் இருந்து 25% ஆனாலும் மதிப்பு மாறவில்லை. காரணம் இதுதான்: கடன் கொடுக்கும்போது, கொடுத்த தொகைக்குக் கூடுதலான மதிப்புக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவார்கள். இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குகளின் மேல் கடன் தரும் பெரிய என்பிஎஃப்சிகள், அதாவது வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள், மதிப்பில் 50%க்கு மேல் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இல் விதி கொண்டுவந்தது. அப்படியானால் இங்கே கடன் 208 கோடி இருக்கலாம். விலை இறங்கும்போது மதிப்பை ஈடுகட்டப் புரமோட்டர் இன்னும் பங்கு தர வேண்டும். ஒரு ரூபாய் கூடப் புதிதாகக் கடன் வாங்காமலேயே அடமானச் சதவீதம் ஏறும்.

செப்டம்பரில் கணக்கு மாறுகிறது. 3.12 கோடியை 260ஆல் பெருக்கினால் சுமார் 811 கோடி. விலைச் சரிவு மட்டும் காரணம் என்றால் 1.60 கோடிப் பங்கு அடமானம் போதும். அதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போயிருக்கிறது. ஒன்று, புதுக் கடன் வாங்கியிருக்கிறார். இல்லை, கடன் கொடுத்தவர் நம்பிக்கை இழந்து இரண்டு மடங்குக்கு மேல் ஈடு கேட்டிருக்கிறார். விலை இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த இரண்டில் எது நடந்தாலும் நல்லதல்ல. நான் விற்றிருக்க வேண்டிய இடம் இது. அப்போது 260 ரூபாய் கிடைத்திருக்கும்.

4. கடனை யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று தேடுங்கள்

அடமானம் எல்லாம் ஒரே ரகம் அல்ல. மின்நிலையம், சாலை போன்ற திட்டங்களுக்கு நிறுவனமே வங்கிக் கடன் வாங்கும்போது, கூடுதல் பாதுகாப்பாகப் புரமோட்டரின் பங்கையும் வங்கி கேட்கும். அங்கே பல சமயம் பங்கு விலையோடு கட்டிய நிபந்தனை இருக்காது. சதவீதம் பெரிதாகத் தெரிந்தாலும், விலை இறங்கியதால் மட்டும் வங்கி விற்கக் கிளம்பாது. புரமோட்டர் தன் சொந்தத் தேவைக்கோ வேறு தொழிலுக்கோ வாங்கிய கடன்தான் விலையோடு கட்டியது. அதன் பணம் நம் நிறுவனத்துக்குள் வரவே வராது, ஆபத்து மட்டும் வரும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜீ என்டர்டெயின்மென்ட். டிவி தொழில் லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிக்கல் குழுமத்தின் உள்கட்டமைப்புத் தொழில்களில் வாங்கிய கடனில் இருந்தது. 2019 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் பங்கு சுமார் 26% விழுந்தது. குழுமத் தலைவர் சுபாஷ் சந்திரா கடன் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அந்த வருடத் தொடக்கத்தில் 41%க்கு மேல் இருந்த புரமோட்டர் பங்கு, கடனை அடைக்க விற்று விற்று, வருடக் கடைசியில் 5% அளவுக்கு வந்தது. டிவி நிறுவனத்தின் லாப நஷ்டக் கணக்கை மட்டும் படித்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

நீங்கள் தேட வேண்டியவை மூன்று.

முதலாவது, செபியின் கையகப்படுத்தல் விதிமுறை 31இன் கீழ் வரும் அறிவிப்பு. அடமானம் வைத்தால், விடுவித்தால், கடன் கொடுத்தவர் எடுத்துக்கொண்டால், மூன்றுமே இதில் வரும். `Reasons for encumbrance` என்ற கட்டத்தில் காரணமும், அடுத்த கட்டத்தில் கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கும். பெரும்பாலும் பெயர் ஒரு டிரஸ்டி நிறுவனமாக இருக்கும். பின்னால் யாருக்காக அந்த டிரஸ்டி நிற்கிறது என்பதைப் படிக்க வேண்டும். 2019 அக்டோபரில் இருந்து, அடமானம் புரமோட்டர் பங்கில் 50%ஐயோ மொத்தப் பங்கில் 20%ஐயோ எட்டினால் விரிவான காரணத்தைத் தனிப் படிவத்தில் தர வேண்டும். என் நிறுவனம் செப்டம்பரில் இரண்டையும் தாண்டிவிட்டது. அந்தப் படிவம் தளத்தில் கிடந்தது, நான்தான் திறக்கவில்லை. அதில் "புரமோட்டர் குழும நிறுவனத்தின் பொதுத் தேவை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. இப்படி மழுப்பலாக ஒரு காரணம் இருந்தால், அதைக் கெட்ட காரணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

இரண்டாவது, ரேட்டிங் நிறுவனங்களின் விளக்கக் குறிப்பு. கிரிசில், இக்ரா, கேர் தளங்களில் இலவசம். நிறுவனத்தின் பெயரில் தேடி, குறிப்புக்குள் `pledge` என்ற சொல்லைத் தேடுங்கள். நிறுவனமே சொல்லாத ஒரு வரி அங்கே கிடைப்பதுண்டு.

மூன்றாவது கொஞ்சம் வேலை. புரமோட்டர் பங்குகளைப் பெரும்பாலும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வழியாக வைத்திருப்பார். இந்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டு `Index of Charges` பாருங்கள். எந்தத் தேதியில் யாரிடம் எவ்வளவுக்கு ஈடு வைத்திருக்கிறது என்று வரும். ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்றால் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டணம். நான் சென்னையில் இருக்கும் தம்பியைக் கட்டச் சொல்லி, ஆவணங்களை வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டேன். கணக்கில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கம்பெனிக்கு டிவிடெண்ட் தவிர வேறு வருமானம் உண்டா? இல்லை என்றால் கடனை அடைக்க அதற்குப் பங்கை விற்பதைத் தவிர வழி இல்லை.

5. பங்கு எந்த விலையில் தீரும் என்று கணக்கிடுங்கள்

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எபேனில் ஃபண்ட் கணக்கு வேலை பார்க்கும் ஓர் அண்ணன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் தாளை வாங்கி, "தம்பி, அறுபது சதவீதம் அடமானம்னா இருநூத்தி அறுபதுல அறுபது சதவீதம் எவ்வளவு?" என்று கேட்டார். 156 என்றேன். "அந்த விலை வந்தா அவர்கிட்ட குடுக்க ஒரு பங்கும் இருக்காது" என்றார்.

யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவர் இப்போது இருக்கும் 811 கோடி ஈட்டைக் குறைய விடமாட்டார் என்று வைத்துக்கொண்டால், புரமோட்டரின் 5.20 கோடிப் பங்கையும் கொடுத்தாலும் 156 ரூபாய்க்குக் கீழே அந்த 811 கோடி வராது. எளிய வாய்ப்பாடு இது:

```
பங்கு தீரும் விலை = இன்றைய விலை × (அடமானப் பங்கு ÷ புரமோட்டர் பங்கு)
```

20% அடமானத்தில் விலை 80% விழுந்தால்தான் அந்த இடம் வரும். 60%இல் 40% விழுந்தாலே வந்துவிடும். 80%இல் 20% விழுந்தால் போதும், அது ஒரு மோசமான வாரத்தில் நடந்துவிடும். இது தோராயம்தான். ஒப்பந்தத்தில் சற்று இளக்கம் இருந்தால் இதற்குக் கீழேயும் தாக்குப்பிடிக்கும், புரமோட்டரிடம் வேறு பணம் இருந்தால் கடனையே குறைத்துவிடுவார். ஆனாலும் அந்த விலையைத் தாளில் எழுதி வைத்தால், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று தெரியும். என் பங்கு டிசம்பரில் 156ஐத் தாண்டிக் கீழே போனது. சரியாக அப்போதுதான் எல்லாம் நடந்தது.

கூடவே இன்னொரு எண்: ஒரு நாளில் சராசரியாக எத்தனை பங்கு கைமாறுகிறது? என் நிறுவனத்தில் 2 லட்சம். கடன் கொடுத்தவர் 1.30 கோடிப் பங்கை விற்க வேண்டும் என்றால், அது 65 நாள் வியாபாரம். அதை ஒரு வாரத்தில் விற்க முயன்றால் லோயர் சர்க்யூட்தான். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரமும் நடக்கும் எஃப் அண்ட் ஓ பட்டியலில் உள்ள பெரிய பங்குகளுக்கு அந்த நிலையான விலை வரம்பு கிடையாது. அங்கே பூட்டு விழாது, ஆனால் ஒரே நாளில் விழும் ஆழம் அதிகம்.

6. அடமானம் குறைந்தால், எப்படிக் குறைந்தது?

நான் விழுந்த குழி இது. டிசம்பர் காலாண்டு விவரம் ஜனவரி 20 அளவில் வந்தது. ஆப்பில் அடமானம் 60%இல் இருந்து 46.7%ஆகக் குறைந்ததாகக் காட்டியது. கடனை அடைக்கிறார் என்று சந்தோஷப்பட்டு வாங்கினேன்.

தாளைப் பாருங்கள். அடமானம் 3.12 கோடியில் இருந்து 1.82 கோடி ஆகிவிட்டது, 1.30 கோடி குறைவு. புரமோட்டர் பங்கும் 5.20 கோடியில் இருந்து 3.90 கோடி ஆகிவிட்டது. அதிலும் அதே 1.30 கோடி குறைவு. கடன் அடைந்து பங்கு திரும்பியிருந்தால் புரமோட்டர் பங்கு 5.20 கோடியாகவே இருந்திருக்கும். இரண்டும் ஒரே அளவில் குறைந்தால், கடன் கொடுத்தவர் பங்கை எடுத்துக்கொண்டார் என்று சந்தேகப்பட வேண்டும். மேலும் கீழும் ஒரே எண் கழிந்ததால் சதவீதம் அழகாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

உறுதி செய்ய விதிமுறை 31 அறிவிப்பைத் திறங்கள். நிகழ்வின் வகை `Creation` என்றால் புது அடமானம், `Release` என்றால் விடுவிப்பு, `Invocation` என்றால் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொண்டார். `Release` கூட முழு நிம்மதி இல்லை. ஒரு கடனில் இருந்து விடுவித்து அதே வாரம் இன்னொருவரிடம் வைப்பது வழக்கம். அதனால் `Release` வந்தால் அடுத்த பத்து நாளுக்கு `Creation` வருகிறதா என்று பாருங்கள்.

எடுத்துக்கொண்டவர் உடனே விற்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பங்கு அவர் டீமேட் கணக்குக்கு வந்திருக்கலாம், விற்பனை இன்னும் பாக்கி இருக்கலாம். இதைப் பார்க்கவும் பங்குதாரர் விவரப் பட்டியல் உதவும்: 1%க்கு மேல் வைத்திருக்கும் பொதுப் பங்குதாரர்களின் பெயர் அதில் இருக்கும். முன்பு இல்லாத ஒரு டிரஸ்டியோ நிதி நிறுவனமோ திடீரென்று அங்கே தோன்றினால், அது முதலீடு செய்ய வந்தவர் அல்ல, விற்கக் காத்திருப்பவர். என் நிறுவனத்தின் பட்டியலில் அப்படி ஒரு பெயர் 0.8 கோடிப் பங்கோடு இருந்தது. பிப்ரவரியில் சந்தையில் கொட்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

அடமானம் பூஜ்யம் என்று காட்டினாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. "விற்கமாட்டேன்" என்று எழுதிக்கொடுத்து வாங்கும் கடனும், மேலே உள்ள தாய்க் கம்பெனியின் பங்கை அடமானம் வைத்து வாங்கும் கடனும் உண்டு. 2019இல் செபி விளக்கத்தை விரித்ததால் இவையும் தெரிவிக்க வேண்டியவையே. ஆனால் அவை அடமானக் கட்டத்தில் இல்லாமல் வேறு கட்டத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டங்களையும் பாருங்கள்.

7. எப்போது பார்ப்பது

காலாண்டு விவரத்துக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 21ஆம் தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பினால் என்னைப் போல மாட்டிக்கொள்வீர்கள். அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது ஜனவரி 21 வாக்கில்தான் தெரியும். விதிமுறை 31இல் அவகாசம் 7 வேலை நாள். விடுமுறை குறுக்கிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகலாம். ஆகவே அடமானம் 40%ஐத் தாண்டிய நிறுவனம் உங்களிடம் இருந்தால் வாரம் இரண்டு முறை அறிவிப்புகளைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை. விலை, "பங்கு தீரும் விலை"யில் இருந்து 15%க்குள் வந்துவிட்டால் தினமும் பார்ப்பேன்.

நேரம் நமக்குச் சாதகம். சந்தை நமக்கு மதியம் 2 மணிக்கு மூடும். நிறுவனங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு, இந்திய மாலையிலும் இரவிலும் தாக்கல் செய்யும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஏழு மணிக்குப் பார்த்தால், இந்தியாவில் எட்டரை; அன்றைய அறிவிப்புகளில் பெரும்பகுதி வந்திருக்கும். `Invocation` என்ற சொல்லைப் பார்த்தால், எத்தனை பங்கு, புரமோட்டரிடம் இன்னும் எவ்வளவு மீதி, ஒரு நாள் வியாபாரம் எவ்வளவு என்று மூன்று எண்ணையும் அன்று இரவே எழுதிவிடுங்கள். விற்பது என்று முடிவானால், மறுநாள் காலை 7.30க்கு, சந்தை திறக்கும் முன் ஆர்டர்களைச் சேர்க்கும் ப்ரீ ஓப்பன் தொடங்கும்போதே ஆர்டரைப் போடுங்கள். 7.38 வாக்கில் அந்த ஜன்னல் மூடிவிடும். அங்கே வாங்குபவர் குறைவாக இருந்தாலும் யாராவது இருப்பார். 7.45க்கு மெட்ரோவில் உட்கார்ந்து போடும் ஆர்டர், சர்க்யூட் விழுந்த பிறகு லட்சம் பேருக்குப் பின்னால் நிற்கும்.